மூன்று முறை வந்த ஒரு எஸ்.எம்.எஸ்.

நேரம் வைத்து ஓடும் வேலைகளைப் பற்றி ஒரு பதிவு போடவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். லினக்ஸில் `cron` என்று ஒன்று இருக்கிறது. "பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இந்த ஸ்கிரிப்டை ஓட்டு" என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும், சர்வர் உயிரோடு இருக்கும்வரை ஓட்டிக்கொண்டே இருக்கும். தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம். தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு விஷயம்: கிரான் என்பது வெறும் அலாரக் கடிகாரம். மணி அடிப்பதோடு அதன் வேலை முடிந்தது. போன மணிக்கு எழுந்தவன் வேலையை முடித்தானா, இன்னும் பாதியில் நிற்கிறானா என்று அது கேட்பதே இல்லை. அடுத்த மணிக்கு இன்னொருவனை எழுப்பிவிடும். இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்வார்கள்.

பெரும்பாலான நாட்களில் இது யாருக்கும் தெரியாது. வேலை மூன்று நிமிடத்தில் முடிகிறது, மணி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அடிக்கிறது, நடுவில் ஏழு நிமிடம் சும்மா கிடக்கிறது. அந்த ஏழு நிமிடத்தை நம்பித்தான் பலருடைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. என்றைக்காவது அந்த இடைவெளி காணாமல் போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் டிபார்ட்மென்டிலேயே பார்த்தேன்.

உள்தேர்வு மதிப்பெண்களைப் பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. சீனியர்கள் எழுதிவிட்டுப் போனது. ஆபீஸில் மதிப்பெண் ஏற்றினால் ஒரு டேபிளில் வரிசையாக வந்து உட்காரும். ஸ்கிரிப்ட் "இன்னும் அனுப்பாதவை" எல்லாவற்றையும் முதலில் ஒரு பட்டியலாக எடுத்துக்கொள்ளும். பிறகு ரோல் நம்பர் வரிசையில் ஒவ்வொன்றாக அனுப்பி, அனுப்பியதும் அந்த வரியில் "அனுப்பியாயிற்று" என்று குறிக்கும். ஒரு ஆண்டுக்கு 180 பேர். ஒரு செய்திக்கு ஒரு நொடி. மூன்று நிமிடத்தில் வேலை முடிந்தது.

ஒருநாள் எஸ்.எம்.எஸ். கேட்வே மந்தமாகிவிட்டது. செய்தி போகாமல் இல்லை, ஒவ்வொன்றுக்கும் எட்டு நொடி எடுத்தது. அன்று சிலருடைய வீட்டுக்கு ஒரு செய்தி போனது, சிலருக்கு இரண்டு, சிலருக்கு மூன்று. ஒரு பையனின் அம்மாவுக்கு "2 பாடங்களில் தேர்ச்சி இல்லை" என்று மூன்று செய்தி. அவர் கூட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டும் இரண்டும் இரண்டும் ஆறு. இருப்பதே ஆறு பாடம். மறுநாள் காலை அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி ஹெச்.ஓ.டி. அறை வாசலில் வந்து நின்றார். ஒரு நாள் சம்பளம் போயிற்று, அந்தப் பையன் வீட்டில் வாங்கியது தனி.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

ஏன் சிலருக்கு ஒன்று, சிலருக்கு மூன்று? எல்லாருக்கும் மூன்று போயிருக்க வேண்டாமா? இது ஒரு நல்ல கணக்கு. முதல் ஓட்டம் 180 வரிகளையும் பட்டியல் எடுத்துக்கொண்டு கிளம்புகிறது. பத்து நிமிடம் என்பது 600 நொடி. எட்டால் வகுத்தால் 75. அதாவது பத்தாவது நிமிடத்தில் 75 பேருக்குப் போய்விட்டது, 105 பேர் பாக்கி. அப்போது மணி அடிக்கிறது. இரண்டாவது ஓட்டம் எழுந்து, பாக்கியிருக்கும் 105 பேரைப் பட்டியல் எடுத்துக்கொண்டு 76-ஆம் ஆளிலிருந்து ஆரம்பிக்கிறது. முதல் ஓட்டமும் அதே 76-ஆம் ஆளிடம்தான் நிற்கிறது. இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஓடுகின்றன.

இருபதாவது நிமிடத்தில் இரண்டுமே 150-ஐத் தாண்டும் இடத்தில் இருக்கின்றன. மூன்றாவது ஓட்டம் எழுந்து, மிச்சம் 30 பேரை எடுத்துக்கொள்கிறது. ஆக முதல் 75 பேருக்கு ஒரு செய்தி, அடுத்த 75 பேருக்கு இரண்டு, கடைசி 30 பேருக்கு மூன்று. மொத்தம் 180-க்குப் பதில் 315 செய்திகள். மூன்று ஓட்டமும் 24-ஆவது நிமிடத்தில் ஏறக்குறைய ஒன்றாக முடிகின்றன. முப்பதாவது நிமிடத்தில் எழுந்த நாலாவது ஓட்டம் பார்க்கும்போது டேபிள் சுத்தமாக இருக்கிறது. 180 பேருக்கும் "அனுப்பியாயிற்று". தடயமே இல்லை!

தடயம் ரோல் நம்பரில் இருந்தது. எங்கள் ரோல் நம்பர் ஆங்கில அகர வரிசைப்படி போட்டது. மூன்று செய்தி வந்தவர்கள் எல்லாருமே பட்டியலின் கடைசிப் பக்கக்காரர்கள், பெயர் வி-யிலும் யு-விலும் தொடங்குபவர்கள். கேட்வேயே இரட்டித்திருந்தால் அது பட்டியல் முழுக்கச் சிதறியிருக்கும். வரிசையின் முடிவை நோக்கிப் படிப்படியாகக் கூடினால் அது ஒன்றன்மேல் ஒன்று ஏறிய ஓட்டங்களின் கையெழுத்து. இப்படி ஒரு சந்தேகம் வந்தால், ஸ்கிரிப்ட் எழுதும் பதிவேட்டில் ஒவ்வொரு வரியிலும் ப்ராசஸ் எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு எண்கள் மாறி மாறி வந்தால் விஷயம் உறுதி. (தமிழில் எழுதும்போது பூட்டும் லாக், பதிவேடும் லாக் என்று ஆகிவிடுவதால் இரண்டையும் தமிழிலேயே சொல்கிறேன். :-) )

ஒரு ஃபைலை வைத்தால் போதாதா?

எல்லாருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம் இதுதான். ஆரம்பிக்கும்போது ஒரு ஃபைலை உருவாக்கு, முடியும்போது அழித்துவிடு. ஃபைல் இருந்தால் யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று அர்த்தம், திரும்பிப் போ. என் அறை நண்பனும் இதைத்தான் சொன்னான்.

இதில் இரண்டு ஓட்டை. "ஃபைல் இருக்கிறதா" என்று பார்ப்பதற்கும் "இல்லை, நான் உருவாக்குகிறேன்" என்பதற்கும் நடுவில் ஒரு கண்ணிமைக்கும் நேரம் இருக்கிறது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்த்தால் இருவருக்குமே "இல்லை" என்றுதான் தெரியும். ஃபைலுக்குப் பதில் `mkdir` செய்தால் இந்த ஓட்டை அடைபடும். பார்ப்பதும் உருவாக்குவதும் அதில் ஒரே செயல், ஒருவருக்குத்தான் வெற்றி.

இரண்டாவது ஓட்டைதான் பெரியது. ஓட்டத்தின் நடுவில் கரண்ட் போனால்? அழிக்கவேண்டியவன் செத்துவிட்டான், ஃபைல் மட்டும் டிஸ்கில் உட்கார்ந்திருக்கிறது. சர்வர் திரும்ப வந்த பிறகு ஒவ்வொரு ஓட்டமும் அதைப் பார்த்துவிட்டு, யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று மரியாதையாகத் திரும்பிப் போகும். ஒரு செய்தியும் போகாது, ஒரு பிழையும் வராது. ஆளில்லாத வீட்டில் உள்தாழ்ப்பாள் போட்ட கதை.

ஆகவே பூட்டு டிஸ்கில் இருக்கக்கூடாது. பூட்டியவன் செத்தால் தானாகத் திறந்துகொள்ளவேண்டும். அதைக் கர்னல்தான் செய்யமுடியும், ஏனென்றால் யார் செத்தார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தது அதற்கு மட்டும்தான். அதற்கான கட்டளை `flock`. கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் ஏற்கெனவே இருக்கிறது.

```
flock -n /var/lib/sms/run.lock /opt/sms/send.sh
```

இங்கேயும் ஒரு ஃபைல் இருக்கிறது, ஆனால் அது இருப்பதோ இல்லாததோ முக்கியமில்லை. அது ஒரு கதவு மாதிரி. பூட்டு கர்னலின் நினைவில் இருக்கிறது. ஓட்டம் முடிந்தாலும், யாராவது `kill -9` அடித்தாலும், கரண்ட் போனாலும் பூட்டு போய்விடும். `-n` என்றால் "பூட்டியிருந்தால் காத்திருக்காதே, திரும்பிவிடு". அது இல்லாவிட்டால் ஒவ்வொரு ஓட்டமும் வாசலில் வரிசையாக நிற்க ஆரம்பித்துவிடும்.

நம்பிக்கை இல்லையென்றால் இரண்டு டெர்மினல் திறந்து பாருங்கள். ஒன்றில் `flock -n /tmp/a sleep 60`. அது தூங்கும்போதே மற்றொன்றில் `flock -n /tmp/a echo ok; echo $?`. `ok` வராது, 1 என்று மட்டும் வரும். யார் பூட்டை வைத்திருக்கிறார்கள் என்று `lslocks` காட்டும்.

இரண்டு எச்சரிக்கை. பூட்டு ஃபைலை ஒருபோதும் அழிக்காதீர்கள். ஒருவன் உள்ளே இருக்கும்போது அழித்தால், அடுத்து வருபவன் அதே பெயரில் வேறொரு ஃபைலை உருவாக்கி அதைப் பூட்டுவான். பெயர் ஒன்று, கதவு இரண்டு. இருவரும் உள்ளே. `/tmp`-ஐச் சுத்தம் செய்யும் வேலைகள் பல சர்வர்களில் உண்டு, அதனால்தான் மேலே `/var/lib` போட்டிருக்கிறேன். அடுத்து, ஸ்கிரிப்ட் எதையாவது `&` போட்டுப் பின்னணியில் விட்டுவிட்டு முடிந்தால், அந்தக் குட்டி ப்ராசஸ் பூட்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருக்கும். ஸ்கிரிப்ட் முடிந்த பிறகும் பூட்டு திறக்கவில்லையே என்று குழம்பினால் அங்கேதான் தேடவேண்டும்.

பூட்டியவன் தூங்கிவிட்டால்?

செத்தவனுக்கு வழி பார்த்துவிட்டோம். சாகாமல், முடிக்காமல் நிற்பவனை என்ன செய்வது? கேட்வேக்கு இணைப்பு கிடைத்துவிட்டது, பதில் மட்டும் வரவே இல்லை. ஸ்கிரிப்ட் காத்திருக்கிறது. மணிக்கணக்காக. கர்னலைப் பொறுத்தவரை அது உயிரோடுதான் இருக்கிறது, பூட்டும் அதனிடம்தான். முன்பு மூன்று செய்தி போனது, இப்போது ஒன்றும் போகாது. பூட்டு போட்ட எல்லாருமே அதோடு ஒரு காலக்கெடுவும் போட்டாகவேண்டும். இரண்டையும் சேர்த்தால் சின்ன ஒரு உறை ஸ்கிரிப்ட்:

```
#!/bin/bash
flock -n -E 75 /var/lib/sms/run.lock \
  timeout -k 30 9m /opt/sms/send.sh
rc=$?
echo "$(date '+%F %T') rc=$rc" >> /var/log/sms/run.log
```

`timeout` ஒன்பது நிமிடம் பொறுக்கும். பிறகு "முடித்துக்கொள்" என்று சொல்லும். அதற்கும் அசையாவிட்டால் 30 நொடி கழித்துக் கொன்றுவிடும். கடைசியில் பதிவாகும் எண் நிலைமையைச் சொல்லிவிடும். 0 என்றால் சரி. 75 என்றால் உள்ளே வேறொருவன் இருந்தான், திரும்பிவிட்டேன் (`-E` போடாவிட்டால் இதுவும் 1 என்று வந்து, சாதாரணப் பிழையோடு கலந்துவிடும்). 124 என்றால் கெடு முடிந்தது. 137 என்றால் கொல்லவேண்டி வந்தது. எப்போதாவது ஒரு 75 வந்தால் கவலையில்லை. வரிசையாக ஆறு 75 வந்தால் ஒரு மணி நேரமாக யாரோ உள்ளே தூங்குகிறார்கள், அதாவது காலக்கெடுவே வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

ஆனால் கெடு முடிந்து வெட்டுவதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்வது நல்லது. ஸ்கிரிப்டே ஒவ்வொரு வரிக்கும் நடுவில் கடிகாரத்தைப் பார்த்து, எட்டு நிமிடம் ஆகிவிட்டால் தானாக மரியாதையாக நிறுத்திக்கொள்ளட்டும். அந்த மந்தமான நாளின் கணக்கையே திரும்பப் போட்டுப் பாருங்கள். எட்டு நிமிடம் 480 நொடி, செய்திக்கு எட்டு நொடி, ஆக ஒரு ஓட்டத்துக்கு 60 பேர். மூன்று ஓட்டத்தில் 180 பேரும் முடிந்துவிடுவார்கள், 28 நிமிடத்தில். முன்பு 24. நான்கு நிமிடம் தாமதம், ஆனால் ஆளுக்கு ஒரே செய்தி.

"போகவில்லை" வேறு, "தெரியவில்லை" வேறு

இங்கேதான் விஷயம் கொஞ்சம் நுணுக்கமாகிறது. ஒரு செய்தியை அனுப்பிவிட்டுப் பதிலுக்காக 20 நொடி காத்தோம், வரவில்லை. திரும்ப அனுப்பலாமா? பெரும்பாலோர் "ஆமாம், மூன்று முறை முயற்சி செய்" என்று எழுதுகிறார்கள். ஆனால் பதில் வரவில்லை என்றால் செய்தி போகவில்லை என்று அர்த்தமில்லை. செய்தி போய், அந்த அம்மாவின் போனில் மணியும் அடித்து, கேட்வே நமக்குச் சொன்ன "சரி" மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். பூட்டு சரியாக இருந்தும், ஒரே ஓட்டம் மட்டும் இருந்தும், மறுமுயற்சியே மூன்று செய்தியை அனுப்பிவிடும். எதை எதிர்த்து இவ்வளவும் செய்தோமோ அதுவே பின்வாசல் வழியாக வந்துவிடும்.

`curl` கொடுக்கும் எண்கள் இதில் உதவும். 6 என்றால் முகவரியே கிடைக்கவில்லை, 7 என்றால் இணைப்பே கிடைக்கவில்லை. இரண்டிலும் செய்தி நம் வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை. பயமில்லாமல் திரும்ப முயலலாம். 28 என்றால் நேரம் முடிந்தது, அதாவது தெரியவில்லை. அதைத் தானாகத் திரும்ப அனுப்பக்கூடாது.

அதனால் டேபிளில் "அனுப்பவில்லை, அனுப்பியாயிற்று" என்ற இரண்டு நிலை போதாது. நடுவில் ஒன்று வேண்டும்: "அனுப்பிக்கொண்டிருக்கிறேன்". முறையே 0, 2, 1 என்று வைத்துக்கொள்வோம். கேட்வேயைத் தொடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடவேண்டும்:

```
UPDATE sms SET state=1 WHERE id=? AND state=0;
```

ஒரு வரி மாறினால் அது நம்முடையது, அனுப்பலாம். ஒன்றும் மாறாவிட்டால் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள், விட்டுவிடு. "சரி" என்று பதில் வந்தால் 2. `curl` 6 அல்லது 7 தந்தால் திரும்ப 0. 28 வந்தாலோ, நடுவில் கரண்ட் போனாலோ அந்த வரி 1-லேயே நிற்கும்.

இப்போது அடுத்த ஓட்டம் எழுகிறது, டேபிளில் ஒரு 1 இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்? பூட்டு இல்லாவிட்டால் இரண்டு அர்த்தம்: வேறொருவன் இந்த நிமிடம் அனுப்பிக்கொண்டிருக்கிறான், அல்லது முன்பு ஒருவன் பாதியில் போய்விட்டான். பூட்டு நம் கையில் இருப்பதால் முதல் அர்த்தம் அடிபட்டுப் போகிறது. ஆக அது சந்தேகக் கேஸ்தான். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது இந்த இடம். பூட்டு இரட்டிப்பைத் தடுப்பது ஒரு பயன். அந்த 1 என்ற எண்ணுக்கு ஒரே ஒரு அர்த்தம் கொடுப்பது அதைவிடப் பெரிய பயன்.

சந்தேகக் கேஸை என்ன செய்வது என்று கம்ப்யூட்டர் சொல்லாது, செய்தியின் தன்மைதான் சொல்லும். சில கேட்வேக்கள் நாம் தரும் ஒரு தனி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும். அதே எண்ணோடு திரும்ப வந்தால் இரண்டாவது முறை அனுப்பாது. அப்படி இருந்தால் தைரியமாகத் திரும்ப அனுப்பலாம். எங்களுடையதில் அந்த வசதி இல்லை. மதிப்பெண் செய்தி என்பதால் அனுப்பாமல் ஒரு பட்டியலில் சேர்க்கிறோம், ஆபீஸில் ஒருவர் போன் செய்து சொல்லிவிடுகிறார். ஓட்டம் நடுவில் வெட்டுப்பட்டால் சந்தேகத்தில் நிற்பது ஒரே ஒரு வரிதான் என்பதால் பட்டியல் எப்போதும் சின்னது. இதுவே "அணை திறக்கிறார்கள், ஆற்றில் இறங்காதீர்கள்" என்ற செய்தியாக இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறைகூட அனுப்பச் சொல்வேன்.

மறுமுயற்சியில் பிடிவாதமும் வேண்டாம். ஒரு வரிக்கு இரண்டு நொடி, நான்கு நொடி இடைவெளியில் மூன்று முயற்சி போதும். வரிசையாக மூன்று வரிகள் தோற்றால் அந்த ஓட்டத்தையே நிறுத்திவிடலாம். கேட்வே படுத்துவிட்டது, மிச்சம் 177 பேரிடமும் அதைச் சோதித்துப் பார்ப்பதில் பயனில்லை. பத்து நிமிடத்தில் கிரான் எப்படியும் திரும்ப மணி அடிக்கப்போகிறது. நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய மறுமுயற்சி அதுதான், அதை எழுதவே தேவையில்லை.

எல்லை எங்கே?

`flock` ஒரு சர்வருக்குள்தான் செல்லும். புது சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, பழையதில் கிரான் வரியை எடுக்க மறந்துவிட்டால், இரண்டு சர்வரிலும் ஆளுக்கொரு பூட்டு இருக்கும், இரண்டுக்கும் ஒன்றை ஒன்று தெரியாது. மேலே சொன்ன `state=0` நிபந்தனை அப்போதும் ஒரு வரியை இருவர் எடுக்காமல் காப்பாற்றும். ஆனால் 1-க்கு ஒரே அர்த்தம் என்பது போய்விடும். அங்கே பூட்டை இரு சர்வருக்கும் பொதுவான இடத்தில் வைக்கவேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் `GET_LOCK('sms', 0)` 1 தந்தால் கிடைத்தது, 0 தந்தால் வேறொருவரிடம் இருக்கிறது. இணைப்பு அறுந்தால் தானாகத் திறந்துகொள்ளும். `flock` மாதிரியேதான், கர்னலின் இடத்தில் டேட்டாபேஸ். இதிலும் ஒரு பிடி உண்டு. நம் ஸ்கிரிப்ட் உயிரோடு இருக்கும்போதே இணைப்பு மட்டும் அறுந்தால் பூட்டு அடுத்தவனுக்குப் போய்விடும், நமக்கு அது தெரியாது. அதனால் ஒவ்வொரு வரியையும் அதே இணைப்பிலேயே எடுக்கவேண்டும். இணைப்பு போனால் அடுத்த `UPDATE` தோற்கும், ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும்.

`systemd` டைமர் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் ஒரு சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது டைமர் அதே சர்வீஸை இன்னொரு முறை கிளப்பாது, பூட்டு இலவசம். ஆனால் `Type=oneshot` வேலைகளுக்குக் காலக்கெடு தானாக வராது, `TimeoutStartSec=` நாமே எழுதவேண்டும். எழுதாவிட்டால் தூங்குபவன் தூங்கிக்கொண்டே இருப்பான்.

உங்களிடம் இப்படி ஒரு பழைய ஸ்கிரிப்ட் இருந்தால் முதலில் அது ஓட எடுக்கும் நேரத்தை ஒரு வாரம் எழுதி வையுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், மிக மோசமான நாளைப் பாருங்கள். அது மணி இடைவெளியில் பாதியைத் தொட்டிருந்தால் இன்றைக்கே `flock`, `timeout` இரண்டையும் சேர்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. நடு நிலையைச் சேர்க்க ஒரு மாலை ஆகும். அதற்குள் உட்காரும் முன் ஆபீஸில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தச் செய்தி ஒருவருக்குப் போகாமல் இருப்பது மோசமா, இரண்டு முறை போவது மோசமா? அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் 1-இல் நிற்கும் வரியை என்ன செய்வது என்று எழுதமுடியும்.